ஒன்பது கல், ஒரு காரட்

மாட்டுங்காவில் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று ஒரு பேர் உண்டு. பேர் தானாக வரவில்லை. கல்யாணம் பேசி முடித்த பையனின் மோதிரத்திலிருந்து வைரத்தைக் கழற்றி எடை போடச் சொன்னேன், அதனால் வந்தது. அன்றைக்குச் சொன்னதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. வருத்தப்படுவேன் என்று எதிர்பார்த்தவர்கள் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வருவதற்கு முந்தைய வருஷம் அது. எனக்கு இருபத்துநாலு வயது. ஜவேரி பஜாரில் ஒரு வைர வியாபாரியின் ஆபீஸில் டைப்பிஸ்ட். மாசம் நூற்று அறுபது ரூபாய் சம்பளம். மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தும் ஒரு வைரத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வைரங்களை டைப் அடித்திருக்கிறேன். ஒவ்வொரு பில்லிலும் நாலு கட்டம்: எத்தனை கல், மொத்தம் எவ்வளவு காரட், காரட்டுக்கு என்ன ரேட், ஆக மொத்தம் எவ்வளவு. காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் அதே நாலு கட்டம்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

டைப் அடித்து அடித்தே ஒரு விஷயம் எனக்குப் பிடிபட்டது. ஒரு காரட் என்பது நூறு சென்ட். நூறு சென்ட்டும் ஒரே கல்லாக இருந்தால் ஒரு ரேட். அறுபது சென்ட் கல்லுக்குக் காரட் ரேட்டே குறைவு. ஐந்து சென்ட் பொடிக் கல்லென்றால் இன்னும் குறைவு. தரம் ஒன்றாகவே இருந்தாலும் அப்படித்தான். பெரிய கல் கிடைப்பது அபூர்வம், அதனால் எடை ஏற ஏற ரேட்டும் ஏறும். இதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை. ஆனால் எங்கள் மாட்டுங்கா மாமிகளிடம் கேட்டால், 'காரட்டுன்னா காரட்தானேடி' என்பார்கள். காதிலும் மூக்கிலும் வைரம் போட்டுக்கொண்டு சொல்வார்கள்.

மாப்பிள்ளைக்குக் கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. பெண் பார்க்க வந்த அன்று, பால்கனியில் ஐந்து நிமிஷம் பேசவிட்டார்கள். "கல்யாணத்துக்கு அப்புறமும் நீங்க ஆபீஸ் போகலாம். எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை" என்றார். அந்தக் காலத்தில் அப்படிச் சொல்கிற பையன் லட்சத்தில் ஒருத்தன். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. மூடி மறைக்க என்ன இருக்கிறது? நன்றாகவே பிடித்துப்போயிற்று. மறுநாள் ரயிலில், இறங்க வேண்டிய மஸ்ஜித் ஸ்டேஷனைக் கோட்டைவிட்டு, கடைசி ஸ்டேஷனான வி.டி. வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சீர் லிஸ்ட் போட்டார்கள். வெள்ளிப் பாத்திரம் இத்தனை, புடவை இத்தனை, மாப்பிள்ளைக்கு ஒரு காரட் வைர மோதிரம். அப்போதெல்லாம் அது ஒரு வழக்கமாகவே ஆகியிருந்தது. மோதிரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், 'ஒரு காரட்' என்றுதான் சொல்வார்கள். பையனின் அம்மா, "எங்களுக்குப் பழக்கமான கடை இருக்கு. மோதிரத்தை நாங்களே பண்ணிக்கறோம். பில்லைக் காட்டறோம், நீங்க பணமாக் குடுத்துடுங்கோ" என்றாள். அப்பா, "பேஷா" என்றார். கல்யாணப் பேச்சு நடந்த அந்த இரண்டு மாசமும் அப்பாவுக்கு வாயில் வேறு வார்த்தையே வரவில்லை.

அப்பா ரயில்வேயில் ஹெட் கிளார்க். ரிட்டயராக நாலு வருஷம் இருந்தது. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். கல்யாணத்துக்காகப் பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து அட்வான்ஸ் வாங்கியிருந்தார். தங்கைகள் கல்யாணத்துக்கும் அந்த ஃபண்டுதான், வயசான காலத்துக்கும் அந்த ஃபண்டுதான். அந்தப் பணம் ஒரு காக்கிக் கவரில் பீரோவுக்குள் இருந்தது. ராத்திரி தூங்கப் போகும் முன் அப்பா பீரோவை இழுத்துப் பார்ப்பார், பூட்டியிருக்கிறதா என்று.

நிச்சயதார்த்தத்துக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பையனும் அவர் அம்மாவும் வந்தார்கள். மாமி சிவப்பு வெல்வெட் டப்பாவைத் திறந்து காட்டினாள். நடுவில் ஒரு கல், சுற்றி எட்டுக் கல். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. என் அம்மா கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். மாமி பில்லை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அதைப் படிக்கக்கூட இல்லை, கடைசி வரியை மட்டும் பார்த்தார். இரண்டாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு ரூபாய். "பேஷா" என்று எழுந்து பீரோ பக்கம் போனார்.

காப்பி கொண்டுவந்த நான், டம்ளரை வைத்துவிட்டு மேஜைமேல் கிடந்த பில்லை எடுத்தேன். பழக்கதோஷம். பில்லைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது.

வைரம், 9 கல், 1 காரட், ரேட் 2400. ஆக 2400.
பக்கக் கல், 8. ஆக 280.
தங்கம், 22 காரட், 6 கிராம், கிராம் 12. ஆக 72.
செய்கூலி, பதிப்புக்கூலி 60.

முதல் வரியிலேயே என் கண் நின்றுவிட்டது. ஒன்பது கல்லா? ஒன்பது கல்லும் சேர்ந்து ஒரு காரட் என்றால், இரண்டாயிரத்து நானூறு ரேட் எங்கிருந்து வந்தது? அது ஒற்றைக் கல் ஒரு காரட்டின் ரேட். அந்த வாரம் மட்டும் நானே நாலு பில்லில் அடித்திருந்தேன். அதுவும் போகட்டும் என்றால், அந்த ஒன்பதில் இருக்கிற எட்டுக் கல்லுக்கே இரண்டாவது வரியில் மறுபடியும் விலை! தங்கத்தில் காரட் என்பது எடை இல்லை, தரம்; அதிலும் இருபத்திரண்டு காரட்டுக்கு, இருபத்துநாலு காரட் சுத்தத் தங்கத்தின் ரேட். ஆறு கிராம் என்பதும் கல்லோடு சேர்த்து எடை. ஐந்து காரட் ஒரு கிராம், ஆகவே ஒரு காரட் கல்லைக் கழித்தால் தங்கம் ஐந்து பாயிண்ட் எட்டு கிராம். அதில் நஷ்டம் கொஞ்சம்தான். ஆனால் பாக்கி இருந்த இடத்தையும் விடவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

"மாமி, நடுக் கல் எத்தனை சென்ட்?" என்று கேட்டேன்.

மாமி சிரித்தாள். "சென்ட்டா? மோதிரத்துக்கு எதுக்குடி சென்ட்?"

"இதுல ஒன்பது கல் சேர்ந்து ஒரு காரட்னு போட்டிருக்கு. அப்போ நடுக் கல் ஒரு காரட் இல்லையே."

"மொத்தமா ஒரு காரட் இருக்கோல்லியோ? லிஸ்ட்ல ஒரு காரட் மோதிரம்னுதானே எழுதினோம்?"

"பெரிய தேங்காய் ஒண்ணு இருக்கு, அதே எடைக்குக் குரும்பை ஒன்பது இருக்கு. மார்க்கெட்ல ரெண்டுக்கும் ஒரே விலை குடுப்பேளா மாமி?"

அம்மா என் முதுகுப்பக்கம் வந்து இடுப்பில் கிள்ளினாள். "அசடே, வாயை மூடு. உள்ள போ." அப்பா கையில் கவரோடு பீரோவுக்கு முன்னால் அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன மாமா, உங்க பொண்ணு எங்களைத் திருடிங்கறாளா? கடை இதோ நாலு எட்டுல இருக்கு. வரச் சொல்லுங்கோ, கடைக்காரர் வாயாலேயே கேட்டுக்கட்டும்!"

மிரட்டினால் அடங்கிவிடுவேன் என்று நினைத்துச் சொன்னாள். நான் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

முகூர்த்த மாசம், ஞாயிறும் கடை திறந்திருந்தது. மாமி, பையன், நான், பின்னால் கவரை வேஷ்டி மடிப்பில் சொருகிக்கொண்டு அப்பா. தெருவில் தெரிந்தவர்கள், "என்ன, குடும்பமா நகைக் கடைக்கா? ஜமாயுங்கோ!" என்றார்கள். அப்பா அவர்களுக்கும் "பேஷா" என்றார்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்து ஆள். மாமியைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா வாங்க" என்றார். என் கையில் பில்லைப் பார்த்ததும் மெதுவாக உட்கார்ந்தார்.

"நடுக் கல் எடை எவ்வளவு அண்ணாச்சி?" என்றேன்.

"பில்லுல இருக்குல்லா?"

"பில்லில ஒன்பது கல்லுக்கும் சேர்த்துத்தான் இருக்கு. நடுக் கல் மட்டும்."

"கட்டின கல்ல எப்படிம்மா எடை போடுகது? வெளிய எடுத்தா மறுபடி கட்டணும். கூலி ஆகும்."

"கழட்டுங்கோ. கூலி நான் தரேன்."

"கல்லு உடைஞ்சா?"

"வைரம் உடையுமா அண்ணாச்சி? உங்க கடையில வைரம்னுதானே வித்தேள்?"

கடையில் இருந்த இன்னொரு குடும்பம் வளையல் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. வைரத்தையும் முரட்டுத்தனமாக நெம்பினால் விளிம்பு தெறிக்கும், அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு நியாயம் பேசப் பொறுமை இல்லை. அப்பா, "வேண்டாம்மா, போய்டலாம்" என்று என் முழங்கையைத் தொட்டார். அந்தக் கை நடுங்கியது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷரை, சொந்தப் பணத்தைக் கொடுக்க வந்த இடத்தில் இப்படி நடுங்க வைத்துவிட்டார்களே!

"கழட்டுங்கோ" என்றேன் மறுபடியும்.

கடைக்காரர் மாமியைப் பார்த்தார். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு, "கழட்டும்! பார்த்துண்டு வாயை மூடிக்கட்டும்" என்றாள். கடைக்காரர் ஊசி மாதிரி ஒரு கருவியால் நடுக் கல்லைப் பிடித்திருந்த நாலு கொக்கிகளையும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். சிமிட்டா என்கிற சின்ன இடுக்கியால் கல்லை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த சின்னத் தராசில் வைத்தார். எதிர்த் தட்டில் எடைக் கற்களை வைத்து, எடுத்து, வைத்தார். முள் நடுவில் வந்து நின்றது.

"அறுபது" என்றார்.

"அப்போ பக்கக் கல் எட்டும் நாற்பது சென்ட். ஒண்ணு அஞ்சு சென்ட். சரியா?"

"சரிதான்."

அவர் மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்தேன், பில்லின் பின்பக்கத்தில் எழுதினேன். அறுபது சென்ட் கல், அன்றைய ரேட் காரட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு. ஆக தொள்ளாயிரம். பக்கக் கல் நாற்பது சென்ட், காரட்டுக்கு எழுநூறு. ஆக இருநூற்றெண்பது. தங்கம் ஐந்து பாயிண்ட் எட்டு கிராம், இருபத்திரண்டு காரட்டுக்குக் கிராம் பதினொரு ரூபாய். ஆக அறுபத்து மூன்று ரூபாய் எண்பது நயா பைசா. கூலி அறுபது, அதில் நான் கை வைக்கவில்லை, வேலை செய்தவனுக்குப் போகட்டும். கூட்டினால் ஆயிரத்து முந்நூற்று மூன்று ரூபாய் எண்பது பைசா. அவரிடம் நீட்டினேன்.

"இதுல தப்பு இருந்தாச் சொல்லுங்கோ அண்ணாச்சி."

அவர் இரண்டு தடவை பார்த்தார். பிறகு, மாமி பக்கம் திரும்பாமலே, "இந்தத் தொகையத்தான் இந்தம்மா எனக்குக் குடுத்தாங்க. மூணு ரூவா எம்பதைக் கொறச்சி, ஆயிரத்து முந்நூறு" என்றார்.

"அப்போ இந்த பில்?"

"இப்படி ஒரு பில்லு வேணும்னாங்க. ஒரு காரட்டு ரேட்டைப் போடச் சொன்னாங்க. அப்பவும் அவங்க நெனச்ச தொகை வரல, பக்கக் கல்லயும் தனியா எழுதச் சொன்னாங்க. எழுதிட்டேன். தப்புதான். ஆனா கல் எண்ணிக்கைய மட்டும் மாத்தி எழுத மாட்டேன்னுட்டேன். ஒம்பது கல்லுன்னா ஒம்பதுன்னுதான் போடுவேன். எங்க அப்பா காலத்துலேர்ந்தே அது ஒண்ணுல பொய் கெடையாது."

எப்பேர்ப்பட்ட யோக்கியம் பாருங்கள்! ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் பொய்யை எழுதிவிட்டு, ஒரு எண்ணில் மட்டும் சத்தியம் காப்பாற்றியிருக்கிறார். ஆனாலும் அந்த ஒரு எண் இல்லாவிட்டால் எனக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அதனால் அவரை நான் அதிகம் திட்டுவதில்லை.

மாமி விடவில்லை. "என்னடி பெரிய திருட்டைக் கண்டுபிடிச்சுட்டே? பிள்ளையைப் பெத்து, படிக்க வெச்சு, ஆளாக்கினது சும்மாவா? எங்களுக்கும் கல்யாணச் செலவு இருக்கு. ஆயிரம் ரூபா முன்னே பின்னே இருந்தா என்ன குடி முழுகிடும்? இப்படிக் கணக்குப் பார்க்கறவ எந்தாத்துல போய்க் குப்பை கொட்டுவா?"

அதுவரை கடையின் கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்ற மாப்பிள்ளையிடம் திரும்பினேன். உள்ளுக்குள் எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. இவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, இப்போது 'அம்மா, என்ன இது' என்று ஒரு வார்த்தை கேட்பார், அதன் பிறகு ஆயிரத்து முந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு எல்லாரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பிடித்திருந்தது எனக்கு.

"உங்களுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "தெரியும். அம்மா சொன்னா. இதெல்லாம் எல்லா ஆத்துலேயும் நடக்கறதுதானே? நீங்க என்கிட்டத் தனியாக் கேட்டிருக்கலாம்" என்றார்.

தனியாகக் கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? தனியாக ஒரு பொய் சொல்லியிருப்பார். கூலிக்கென்று என் பர்ஸிலிருந்து ஐந்து ரூபாயை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணாச்சி, கல்லைத் திரும்பக் கட்டிக் குடுத்துடுங்கோ. மோதிரம் அவாளோடது, அவாளே காசு குடுத்து வாங்கினது. அப்பா, வாங்கோ போகலாம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்."

"நீ என்னடி வேண்டாங்கறது? நாங்க வேண்டாங்கறோம்!" என்று மாமி கத்தினாள். கடை வாசல் வரைக்கும் கேட்டது.

கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் அப்பா வேகமாக நடந்தார். அங்கே நின்று மூச்சு வாங்கினார். "கொஞ்சம் பொறுமையாப் பேசியிருந்தா, ஐந்நூறாவது குறைச்சுண்டிருப்பாளோ?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"அப்பா, அவருக்குத் தெரியுமாம். காதால கேட்டேள் இல்லையா?"

அப்பா வேஷ்டி மடிப்பிலிருந்த கவரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆமாம். தெரியும்னுதான் சொன்னான்" என்றார். அப்புறம், "உனக்கு அவனைப் பிடிச்சிருந்துதோல்லியோ?" என்று கேட்டார்.

"பிடிச்சிருந்துது" என்றேன். நடு ரோட்டில் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். யார் பார்த்தால் என்ன?

வீட்டில் ஒரு வாரம் சாவு வீடு மாதிரி இருந்தது. அம்மா என் முன்னால் தட்டை 'ணங்'கென்று வைத்தாள். தங்கைகளை இனி யார் கட்டிக்கொள்வார்கள் என்று சுவரிடம் கேட்டாள். அதற்குள் மாட்டுங்கா முழுக்கக் கதை பரவிவிட்டது. நான் கடையில் மாப்பிள்ளையின் விரலிலிருந்து மோதிரத்தைப் பிடுங்கினேனாம்! செம்பூரிலிருந்து சித்தப்பா ஓடி வந்தார்.

கல்யாணத்துக்கு என்று அப்பா வாங்கிய அட்வான்ஸை, கல்யாணம் இல்லையென்றால் அவர் ஆபீஸுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும். காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். சித்தப்பா அதற்கும் வழி சொன்னார். "ஜாதகம் பொருந்தலைன்னு எழுதிடு அண்ணா. இல்லாட்டா மாப்பிள்ளையாத்துல ஒரு துக்கம்னு போடு. பொண்ணு வேண்டாம்னு சொன்னது தெரிஞ்சா உன் ஆபீஸ்லயே சிரிப்பா. நாளைக்கு ஒருத்தன் படியேற மாட்டான்." அப்பா தலையை ஆட்டினார். "பேஷா" என்று மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் என்னைப் பக்கத்துத் தெரு டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மெஷினுக்கு வாடகை கொடுத்தார். பேப்பரைச் சொருகினேன். ரயில்வே கடிதம் இங்கிலீஷில்தான். அவர் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நானே அடிக்க ஆரம்பித்தேன்: ஜாதகப் பொருத்தம் இல்லாத காரணத்தால் என் மகளின் திருமணம் நின்றுபோய்விட்டது.

அப்பா தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார். பேப்பரை உருவிக் கசக்கிக் கூடையில் போட்டார்.

"வேற பேப்பர் போடு. கல்யாணம் நின்னு போகலை. தானா நிக்கறதுக்கு அது என்ன கடிகாரமா? நாம வேண்டாம்னோம்."

"ஆபீஸ்ல சிரிப்பாளேப்பா?"

"சிரிக்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் காட்டின பில் பொய்யானதுன்னு போடு. அதைக் கண்டுபிடிச்சுச் சம்பந்தத்தை வேண்டாம்னு சொன்னதுன்னு போட்டு..." கொஞ்சம் நிறுத்தினார். "என் பொண்ணுன்னு போடு. நான்னு போடாதே. நான் கவரை எடுத்துக் குடுக்கத்தான் போனேன்."

அடித்தேன். எழுத்து ஒன்று இரண்டு இடத்தில் மங்கலாகத் தெரிந்தது, ரிப்பனைக் குறை சொல்ல முடியாது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும், ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். கை நடுங்கவில்லை.